இன்னாருக்கு இன்ன கடிதம்

தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வாக்கியம் மறந்திருக்காது: ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்.’ படம் பாதியில் நின்றுபோகும், அந்த அட்டை வரும். உள்ளே யாரோ உட்கார்ந்து வருந்துகிறார்கள் என்று எந்த வீட்டிலும் நினைத்ததில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்கள். தடங்கல் வருவதற்கு முன்பே வருத்தம் எழுதி வைக்கப்பட்டுவிட்டது என்பது குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

அதே வீட்டுக்குத்தான் ஊரிலிருந்து இன்லண்டு கடிதமும் வந்தது. ‘இங்கு அனைவரும் நலம். அங்கு உங்கள் நலம் அறிய ஆவல்’ என்று அதுவும் எழுதி வைத்த வாக்கியத்தில்தான் தொடங்கியது. பாட்டி எழுதினாலும் சித்தப்பா எழுதினாலும் அதே வரி. ஆனால் அதை யாரும் இயந்திரத்தனம் என்று சொல்லவில்லை. அடுத்த வரியிலேயே செவலை கன்று போட்டதும், மேற்குச் சுவர் மழையில் சரிந்ததும் வந்துவிடும்.

மின்னஞ்சலுக்கு மாதிரிக் கடிதங்கள், அலுவலக வழக்கில் டெம்ப்ளேட்டுகள், தயாரிக்கும்போது எழும் கேள்வி முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. இரண்டும் முன்பே எழுதப்பட்டவை. ஒன்று மட்டும் ஏன் காதில் தகரம்போல் ஒலிக்கிறது?

மாதிரிக் கடிதம் கணினியோடு வந்ததல்ல. ஏழாம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சு இருக்கும் பகுதியில், மார்குல்ஃப் என்ற துறவி மன்னராணை, கொடை ஆவணம், கடிதம் ஆகியவற்றுக்கு மாதிரிகளைத் தொகுத்தார். பெயர் வர வேண்டிய இடத்தில் ‘இல்லே’ என்ற இலத்தீன் சொல்லைப் போட்டு வைத்தார்கள். ‘அவன்’ என்று பொருள். நாம் ‘இன்னார்’ என்போமே, அதுதான். 1512-இல் எராஸ்மஸ் வெளியிட்ட, சொல்வளம் பற்றிய பாடநூல் எதிர்த்திசையில் போனது. ‘உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது’ என்ற ஒரே வாக்கியத்தை நூற்றுக்கும் மேற்பட்ட விதங்களில் மாற்றி எழுதிக் காட்டினார். ஒரே மாதிரி எழுதுவது அலுப்பூட்டும், ஆகவே மாற்றி மாற்றி எழுது என்பது அவர் தரப்பு. நம் ஊரில் 2013 ஜூலையில் தந்திச் சேவை நிற்கும்வரை, வாழ்த்துத் தந்திக்கு எண்கள் இருந்தன. படிவத்தில் எண்ணை எழுதினால் போதும், அதற்குரிய வாழ்த்து வாசகம் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேரும்.

இன்று அலுவலகங்களில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் எராஸ்மஸ் வழி. ஒவ்வொரு கடிதத்துக்கும் மூன்று நான்கு வடிவம் வைத்துக்கொள், மாற்றி மாற்றி அனுப்பு என்பார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால், அலுப்பு அனுப்புகிறவருக்குத்தான். பெறுகிறவர் கையில் இருப்பது ஒன்றே ஒன்று. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே தந்தி வாசகம் வந்தது பற்றி மாப்பிள்ளை கவலைப்பட்டதில்லை. தன் கல்யாணத்தை நினைவு வைத்து ஒருவர் தந்தி ஆபீசுக்குப் போனார் என்பதே அவருக்குச் செய்தி. ஆக, திரும்பத் திரும்ப வருவது குற்றமில்லை. தான் எழுதியதை இவர்கள் படிக்கவே இல்லை என்று பெறுகிறவருக்குத் தோன்றும் இடத்தில்தான் கடிதம் இயந்திரமாகிறது.

இதை நான் கற்றுக்கொண்டது சென்னையில் ஒரு சிறிய பதிப்பகத்தின் மின்னஞ்சல் மேசையில். இரண்டு அறை, ஒரு கிடங்கு, பார்சல் கட்ட ஓர் அண்ணன், கடிதங்களுக்கு நான். பொங்கலை ஒட்டிப் புத்தகக் காட்சி முடிந்ததும் கடிதங்கள் குவியும். புத்தகம் வரவில்லை, பக்கம் மாறிக் கட்டப்பட்டிருக்கிறது, அந்த நூல் மறுபதிப்பு வருமா, என் கவிதைகளை அனுப்பியிருந்தேனே, நூலகத்துக்கு மூன்று பிரதிக்கு விலைப்புள்ளி வேண்டும். எனக்கு முன்பு இருந்தவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மாதிரியை விட்டுப் போயிருந்தார்:

‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு, வணக்கம். தங்கள் மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றோம். தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம். தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. விரைவில் தங்களைத் தொடர்புகொள்கிறோம்.’

இதில் பிழை ஒன்றுமில்லை. செய்தியும் ஒன்றுமில்லை. தென்மாவட்டத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பள்ளி ஆண்டு விழாவில் பரிசு கொடுக்க மூன்று நூல்கள் கேட்டு, பணமும் கட்டியிருந்தார். விழா வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்தார். பார்சல் வரவில்லை. நான் மேற்படி கடிதத்தை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: ‘ஐயா, வெள்ளிக்கிழமைக்குள் வருமா, வராதா?’

அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். என் மாதிரியில் அதற்கு இடமே இல்லை. அன்று மாலையே அந்தக் கோப்பை அழித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினேன்.

தொடங்கும்போது வெற்றுத் தாளை வைத்துக்கொண்டு ‘வாசகர்கள் என்னென்ன கேட்பார்கள்’ என்று யோசித்தால், கேட்காததெல்லாம் பட்டியலில் சேரும். ஏற்கெனவே அனுப்பிய கடிதங்களைப் பார்ப்பதே வழி. ஜிமெயிலில் தேடல் பெட்டியில் இப்படித் தட்டினால், கடந்த 90 நாட்களில் நாம் அனுப்பியவை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்:

```
in:sent newer_than:90d
```

அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, இது எந்தக் கேள்விக்கு எழுதிய பதில் என்று மட்டும் ஒரு நோட்டில் கோடு போட்டு வந்தேன். பொருள் வரியை நம்பக் கூடாது. ‘வணக்கம்’ என்ற தலைப்பில் ராயல்டி கணக்கு கேட்டவரும் உண்டு. ஐந்து கோடுக்கு மேல் விழுந்த கேள்விகளுக்கு மட்டும் மாதிரி வைப்பது என்று முடிவு. மூன்று மாதத்தில் இரண்டு முறை வந்த விஷயத்துக்கு மாதிரி எழுதி வைத்தால், அடுத்த முறை அதைத் தேடும் நேரத்தில் புதிதாகவே எழுதிவிடலாம்.

இந்த வேலையில் கிடைத்த இன்னொரு லாபம், நல்ல கடிதங்கள் ஏற்கெனவே அங்கே இருந்தன என்பது. அவசரமில்லாத ஒரு மதியத்தில், யாரோ ஒருவருக்கு மனம்வைத்து எழுதிய பதில். அதை எடுத்து, அந்த ஒருவருக்கு மட்டும் உரியதை நீக்கினால், மிச்சம் இருப்பது நல்ல மாதிரி. மாதிரி எழுதுவதற்கென்றே உட்கார்ந்தால் கை தானாக ‘கிடைக்கப்பெற்றோம்’ நடைக்குப் போய்விடுகிறது. எதிரில் ஆள் இல்லாததால் வரும் கோளாறு அது.

பார்சல் வரவில்லை என்பதைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். நோட்டில் அது ஒரே தலைப்பு. கோடுகளும் அதற்குத்தான் அதிகம். ஆனால் பதில் எழுதும் முன் செய்யும் வேலையைக் கவனித்தால் அது ஒரு கேள்வியாக இல்லை. விரைவு அஞ்சல் எண்ணை எடுப்போம். முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் IN, மொத்தம் பதின்மூன்று. அதை அஞ்சல் துறைத் தளத்தில் போட்டுப் பார்த்தால் மூன்று நிலைகளில் ஒன்று தெரியும். பார்சல் இன்னும் வழியில் இருக்கும். அல்லது பட்டுவாடா ஆகிவிட்டது என்று காட்டும், வாசகரோ வரவில்லை என்பார். அல்லது வீடு பூட்டியிருந்து நம்மிடமே திரும்பி வந்துகொண்டிருக்கும். மூன்றிலும் வாசகர் செய்ய வேண்டியது வேறு, நாம் செய்ய வேண்டியது வேறு. முதலாவதில் அவர் காத்திருக்க வேண்டும். இரண்டாவதில் பக்கத்து வீட்டிலோ காவலாளியிடமோ விசாரித்துவிட்டு, தன் அஞ்சலகத்தில் எண்ணைக் காட்டிக் கேட்க வேண்டும். மூன்றாவதில் முகவரியை ஒருமுறை சரிபார்த்துச் சொன்னால் நாம் மறுபடி அனுப்புவோம்.

பழைய மாதிரி மூன்றையும் ஒரே கடிதத்தில் அடக்கப் பார்த்ததால்தான் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மழுப்ப வேண்டி வந்தது. தலைப்புக்கு ஒரு மாதிரி வைத்தால் கடிதம் மழுங்கும், முடிவுக்கு ஒரு மாதிரி வைத்தால் கூராகும் என்று அப்போது பிடிபட்டது. பட்டுவாடா ஆனதாகக் காட்டும்போது அனுப்பும் கடிதம் கடைசியில் இப்படி அமைந்தது:

```
வணக்கம்.

###கைவரி###

உங்கள் பார்சல் ###தேதி### அன்று பட்டுவாடா ஆனதாக
அஞ்சல் துறைத் தளம் காட்டுகிறது. எண்: ###எண்###.
வீட்டில் வேறு யாராவது, அல்லது பக்கத்து வீட்டில்
வாங்கி வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை கேளுங்கள்.
இல்லையென்றால் இந்த எண்ணை உங்கள் அஞ்சலகத்தில்
காட்டினால், யார் கையெழுத்திட்டார்கள் என்று சொல்வார்கள்.

இரண்டு நாளில் கிடைக்காவிட்டால் இதே மின்னஞ்சலுக்குப்
பதில் எழுதுங்கள். வேறு பிரதி அனுப்பிவிடுகிறோம்.
```

இதில் மூன்றே இடங்கள் காலி. அதற்கு மேல் வைத்தால் நிரப்புகிறவருக்குப் பொறுமை போய்விடும், ஒவ்வொரு காலி இடமும் தவறு நுழையும் வாசலாகிவிடும். ### குறியைப் போட்டதற்குக் காரணம் உண்டு. அடைப்புக்குறியோ புள்ளிக்கோடோ வைத்தால் கண் தாண்டிப் போய்விடும். கட்டைவேலிபோல் நிற்கும் குறியை நிரப்பாமல் அனுப்புவது கஷ்டம். அனுப்பும் முன் Ctrl+F அழுத்தி ### என்று தேடினால் மிச்சம் இருப்பது தெரிந்துவிடும். ஜிமெயிலில், அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெறும் அவகாசத்தை 30 விநாடிவரை கூட்டி வைக்கலாம். நான் அதைக் கூட்டி வைத்த நாளிலிருந்து வாரம் ஒரு முறையாவது அந்த வசதியைத் தொட்டிருக்கிறேன்.

கைவரி என்பதுதான் கடிதத்தின் உயிர். வந்த கடிதத்தில் உள்ள ஏதாவது ஒரு விவரத்தைத் தொட்டு, ஒரே ஒரு வாக்கியம் கையால் எழுதுவது. ஆசிரியருக்கு என்றால், ‘வெள்ளிக்கிழமை விழாவுக்கு முன் கிடைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், வியாழன் மாலைக்குள் தெரியாவிட்டால் அன்றிரவே பஸ்ஸில் வேறு பிரதிகள் போட்டுவிடுகிறோம்.’ இதற்கு மாதிரியில் எதையும் முன்கூட்டி எழுதி வைக்கக் கூடாது. ‘உங்கள் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது’ என்று ஒரு பொதுவரி அங்கே இருந்தால், அவசரத்தில் கை அதை அப்படியே விட்டுவிடும். காலியாக இருந்தால்தான் கடிதத்தை மறுபடி திறந்து படிக்க வேண்டிவரும். உண்மையில் அந்தக் காலி இடத்தின் வேலையே, எழுதுகிறவனைப் படிக்க வைப்பதுதான்.

மன்னிப்பும் இந்தக் கைவரியில்தான் வர வேண்டும் என்பது என் கட்சி. ‘மூன்று நூலில் ஒன்றைக் கட்டாமல் விட்டது எங்கள் தவறு’ என்று எழுதினால் அது மன்னிப்பு. ‘ஏற்பட்ட அசௌகரியத்திற்கு’ என்பது மறுபடி தூர்தர்ஷன் அட்டை. மேலே உள்ள மாதிரியில் வருத்தமே தெரிவிக்கவில்லையே என்று என்னோடு வேலை செய்தவர்கள் கேட்டார்கள். அஞ்சல்காரர் கொடுத்துவிட்ட பார்சலுக்கு நாம் எதற்கு வருந்த வேண்டும்? தவறு நம்முடையதாக இருக்கும்போது, என்ன தவறு என்று சொல்லி வருந்தலாம்.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தக்கூடியதுதான். தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கல் முளைக்கிறது. மின்னஞ்சல் கருவிகளைச் செய்தவர்கள் அதை நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆங்கிலத்தில் டியர் என்று போட்டு இடம் விட்டால், எந்தப் பெயரும் அதில் போய் உட்காரும், பெயர் மாறாது. தமிழில் பெயர் வேற்றுமை உருபு ஏற்று உருமாறும். மாலாவுக்கு, குமாருக்கு, ரவிக்கு, முருகனுக்கு, செல்வத்துக்கு என்று ஆளுக்கு ஒரு விதம். மாதிரியில் ‘###பெயர்###க்கு’ என்று வைத்து, பட்டியலிலிருந்து பெயர்கள் தானாக வந்து விழும்படி செய்தால் மாலாக்கு, குமார்க்கு, செல்வம்க்கு என்று வரும். சேலத்தில் என்பது சேலம்இல் ஆகும். சிலப்பதிகாரத்தை என்பது சிலப்பதிகாரம்ஐ ஆகும். தமிழ் வாசகருக்கு ஒரு நொடி போதும், இதை மனிதர் யாரும் தட்டவில்லை என்று தெரிந்துகொள்ள. எத்தனை கைவரி எழுதினாலும் இந்த ஓர் உருபு எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

இதற்கு மருந்து நம் கடித மரபிலேயே இருக்கிறது. ‘திரு. செல்வம் அவர்களுக்கு’ என்று எழுதும்போது, பெயர் அசையாமல் நிற்க, உருபைச் சுமப்பது ‘அவர்கள்’. அதுபோல ‘சிலப்பதிகாரம் என்ற நூலை’ என்றால் ஐ உருபு நூலின் தலையில் விழும், பெயர் தப்பித்துவிடும். ‘சேலம் முகவரிக்கு’, ‘சேலம் நூலகத்தில்’ என்று ஊருக்கும் ஒரு சுமைதூக்கியைக் கொடுத்துவிடலாம். அல்லது வாக்கியத்திலிருந்தே வெளியே எடுத்து, ‘நீங்கள் கேட்ட நூல்: சிலப்பதிகாரம்’ என்று தனி வரியாக வைத்துவிடலாம். ஆனால் எல்லா இடத்திலும் ‘என்ற நூலை’, ‘என்ற ஊரில்’ என்று போட்டால் அதுவே அரசாணைபோல் ஒலிக்கத் தொடங்கும். ஆகவே பட்டியலிலிருந்து நூறு பேருக்கு ஒரே நேரத்தில் போகும் கடிதத்தில் மட்டும் சுமைதூக்கிகளை வைப்பேன். ஒருவருக்கு ஒன்றாக அனுப்பும் கடிதத்தில் காலி இடத்தையே பெரிதாக்கி, உருபோடு சேர்த்து முழுச் சொல்லையும் கையால் தட்டுவேன். சேலத்துக்கு, மதுரைக்கு என்று தட்ட ஒரு விநாடிகூட ஆகாது.

ஒரு விஷயத்தில் தமிழ் நமக்குச் சலுகை காட்டுகிறது. எண்ணுக்குப் பின்னால் அஃறிணையைப் பன்மையாக்கித்தான் தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘1 பிரதி’, ‘12 பிரதி’ இரண்டும் காதுக்கு இசையும். வினையில்தான் கவனம் வேண்டும், ‘அனுப்பப்பட்டுள்ளது’, ‘அனுப்பப்பட்டுள்ளன’ என்று பிரியும். ‘அனுப்பியிருக்கிறோம்’ என்று நம்மை எழுவாயாக்கினால் அந்தத் தொல்லையும் தீரும், யார் அனுப்பியது என்பதும் தெரியும்.

பெயர் விஷயத்தில் இன்னொரு பள்ளம் தலைப்பெழுத்து. கருவிகள் பெயரின் முதல் சொல்லை அழைக்கும் பெயராக எடுத்துக்கொள்ளும். எஸ். மாலாவுக்கு ‘அன்புள்ள எஸ்’ என்று கடிதம் போகும். வங்கிகளும் கடைகளும் எனக்கே இப்படி எழுதுகின்றன. பட்டியலில் முழுப்பெயருக்குப் பக்கத்தில் ‘அழைக்கும் பெயர்’ என்று ஒரு பத்தியைச் சேர்த்து, அதைக் கையால் நிரப்புவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஐயா, அம்மா என்பதைப் பெயரை வைத்து ஊகிக்கவும் கூடாது. மணி, அன்பு, செல்வமணி போன்ற பெயர்களில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ‘அவர்களுக்கு’, ‘நீங்கள்’ இரண்டும் பாலைக் காட்டாத சொற்கள், அவற்றோடு நின்றுவிட்டால் போதும்.

ஒட்டுப்போட்ட இடம் தெரிவது எங்கே என்று பார்த்தால், பெரும்பாலும் நீங்கள், தாங்கள் குழப்பத்தில். மாதிரி ‘தங்கள்’ என்று எழுதப்பட்டிருக்கும், கைவரி இயல்பாக ‘உங்கள்’ என்று வரும். இரண்டும் ஒரே கடிதத்தில் அடுத்தடுத்து நின்றால், இது வரை ஓர் ஆள், இதற்குக் கீழே ஓர் எந்திரம் என்று கோடு போட்டுக் காட்டியதுபோல் இருக்கும். எல்லா மாதிரிகளையும் ‘உங்கள்’ என்று மாற்ற எங்களுக்கு ஒரு மதியம் பிடித்தது. எழுத்துருவும் அப்படித்தான். வேர்டிலிருந்து எடுத்து ஒட்டினால், அந்தப் பத்தி மட்டும் வேறு அளவிலோ வேறு கருமையிலோ தெரியும். நம் திரையில் சரியாக இருந்து, பெறுகிறவர் கைபேசியில் பிசகுவதும் உண்டு. Ctrl+Shift+V என்று ஒட்டினால் வடிவம் உதிர்ந்து எழுத்து மட்டும் வரும். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் தட்டி வைத்த பழைய கோப்பு என்றால் அந்தப் பேச்சே வேண்டாம், அங்கே குறியும் கோடுமாகத்தான் போய்ச் சேரும்.

சரி, எல்லாவற்றுக்கும் மாதிரி வைக்கலாமா? பதிப்பகத்தில் இதற்குச் சோதனைக்கல் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பும் கடிதம். பிரதி கிடைத்தது என்று சொல்வதில் சிரமம் இல்லை. அதைத் தானியங்கியாகவே விட்டுவிடலாம், ரசீதில் யாரும் அன்பை எதிர்பார்ப்பதில்லை. எத்தனை மாதத்தில் பதில் வரும் என்ற ஒரு தகவல் மட்டும் அதில் இருந்தால் பாதித் தொலைபேசி அழைப்புகள் குறையும்.

மறுப்புக் கடிதம் அப்படியல்ல. முன்பே சொன்னேன், பெறுகிறவர் கையில் ஒரே கடிதம்தான் இருக்கும், ஆகவே திரும்பத் திரும்ப வருவது தெரியாது என்று. எழுத்தாளர்கள் விஷயத்தில் இது பொய்த்துப்போகும். அவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், டீக்கடையில் கடிதங்களை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள். ‘உங்கள் தனித்துவமான நடை எங்களைக் கவர்ந்தது. எனினும்...’ என்ற வரி இரண்டு பேரிடம் இருந்தால், தனித்துவம் அங்கேயே செத்துவிடும். அதைவிட மோசம், அப்படிப் புகழ்ந்தால் சிலர் பதில் எழுதுவார்கள்: கவர்ந்தது என்றால் ஏன் போடவில்லை? நியாயமான கேள்வி. அதற்கு நம்மிடம் விடை இருக்காது, ஏனென்றால் முப்பதாம் பக்கத்திலேயே நிறுத்தியிருப்போம்.

நாங்கள் கடைசியாக வைத்துக்கொண்டது நான்கே வரி. ‘உங்கள் நாவலின் பிரதியைப் படித்தோம். எங்கள் பதிப்புத் திட்டத்தில் இதை வெளியிட இயலாது. பிரதியை எங்கள் கணினியிலிருந்து அழித்துவிடுகிறோம், வேறு பதிப்பகத்துக்கு நீங்கள் அனுப்புவதில் தடை எதுவும் இல்லை. எங்களை நினைத்து அனுப்பியதற்கு நன்றி.’ முழுதும் படிக்காவிட்டால் ‘படித்தோம்’ என்பது ‘பார்த்தோம்’ என்று மாறும். யாராவது முழுதாகப் படித்து, சொல்வதற்கு ஏதாவது இருந்தால், அதைக் கைவரியாகச் சேர்க்கலாம். இல்லையென்றால் இந்த நான்கு வரியே போகட்டும். இது பொதுக்கடிதம் என்று எழுத்தாளருக்குத் தெரியும்தான். தனிக்கடிதம்போல் நடிக்கும் பொதுக்கடிதத்தைவிட, பொதுக்கடிதமாகவே வரும் பொதுக்கடிதத்தை அவர்கள் மன்னித்தார்கள். இது வந்த பிறகு சண்டைக்கு வந்த கடிதங்கள் குறைந்தன.

என் பெரிய பிழை நடந்தது வேறு ஒரு கடிதத்தில். ஆண்டுக்கு ஒருமுறை ராயல்டி கணக்கு அனுப்புவோம். எத்தனை பிரதி விற்றது, எவ்வளவு தொகை, எந்தக் கணக்கில் போட்டிருக்கிறோம் என்று மூன்று தகவல். வறட்சியாக இருக்கிறதே என்று நான்தான் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்தேன்: ‘உங்கள் அடுத்த நூலை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம்.’ பட்டியலிலிருந்து எல்லோருக்கும் போனது. இரண்டு நாள் கழித்து ஒரு பதில். எழுதியவர் மகன். ‘அப்பா பங்குனியில் காலமானார். தொகை கிடைத்தது.’ அவ்வளவுதான்.

தொகையும் கணக்கும் மட்டும் போயிருந்தால் அந்த வீட்டில் யாரையும் அது குத்தியிருக்காது. குத்தியது, கடிதம் இயந்திரம்போல் ஒலிக்கக் கூடாது என்று நான் சேர்த்த அந்த ஒரு வரி. அதற்குப் பிறகு மாதிரிகளையெல்லாம் திறந்து, மகிழ்ச்சி, ஆவல், வருத்தம், பெருமை என்று வரும் வாக்கியங்களைத் தேடித் தேடி எடுத்தேன். தகவல், வழிமுறை, தொகை, தேதி இருக்கும் வாக்கியங்கள் மட்டும் மிஞ்சின. மாதிரிகள் பாதியாகச் சுருங்கின. ராயல்டி கடிதத்தில் அந்த வரி இருந்த இடத்தில் இப்போது ###கைவரி### நிற்கிறது. ஆகவே அது மொத்தமாகப் போவதில்லை, ஒவ்வொன்றாகத்தான் போகிறது. எங்களுடையது சிறிய பட்டியல் என்பதால் இது முடிந்தது. ஆயிரம் பேருக்கு அனுப்புகிற இடத்தில் கைவரிக்கு இடமில்லை, அங்கே வறட்சியான கணக்கே மரியாதை.

இரண்டாவது முறை புகார் எழுதுகிறவருக்கு மாதிரி கூடாது என்பதையும் விதியாக வைத்திருந்தோம். அவர் முதல் கடிதத்தைக் கையில் வைத்திருக்கிறார். அதே வாக்கியம் மறுபடி வந்தால் பிடிபட்டுவிடும். மாதிரியை ஒட்டும் முன் அவர் முகவரியைத் தேடலில் போட்டு, முன்பு என்ன எழுதினோம் என்று பார்ப்பது பழக்கமானது. அப்படி ஏதாவது இருந்தால் தொலைபேசியில் பேசிவிடுவோம்.

மாதிரி சரியாக வேலை செய்கிறதா என்பதை எழுதினவரே படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, அவருக்கு எல்லாம் நன்றாகத்தான் ஒலிக்கும். வரும் பதில்களைப் பார்க்க வேண்டும். ‘சரி, நன்றி’ என்று வந்தால் போதும். நாம் எழுதிவிட்டதையே ஒருவர் மறுபடி கேட்டால், அந்தத் தகவல் கடிதத்தில் தவறான இடத்தில் புதைந்திருக்கிறது. ‘நான் கேட்டது அதுவல்ல’ என்று வந்தால், இரண்டு நிலைமைகளை ஒரே மாதிரியில் திணித்திருக்கிறோம். பார்சல் கடிதத்தைப் பிரித்ததுபோல் அதையும் பிரிக்க வேண்டும்.

மாதிரிகள் பழசாவதும் உண்டு, அது சத்தமில்லாமல் நடக்கும். ஒவ்வொன்றின் பெயரிலும் கடைசியாகச் சரிபார்த்த மாதத்தைச் சேர்த்து வைத்தோம், ‘பார்சல் - பட்டுவாடா - பிப். 2024’ என்பதுபோல. புத்தகக் காட்சிக் களேபரம் அடங்கியதும் பிப்ரவரியில் ஒரு நாள் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிப்போம். ஒருவர் படிக்க மற்றவர் கேட்பார். காதில் இடறும் இடத்தில் நிறுத்திக் கோடு போடுவோம். நான் அங்கிருந்து வந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. 2025-இல் அஞ்சல் துறை பதிவுத் தபாலை விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டது. ‘உங்கள் பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறோம்’ என்ற வாக்கியம் எங்கள் மாதிரிகளில் நான்கு இடத்தில் இருந்தது. பார்சல் கட்டும் அண்ணன்தான் அதைக் கண்டுபிடித்து எனக்குப் போன் செய்தார். மூன்று இடத்தில் திருத்திவிட்டாராம். நான்காவது எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கேட்டார். விலைப்புள்ளிக் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கும், பாருங்கள் அண்ணே என்றேன்.